ஐந்து நிமிடம் நிற்பாரா பாக்?

யோக்யகர்த்தாவில் வெளியூர்ப் பயணிகள் அதிகம் தங்கும் பிராவிரோத்தாமான் பகுதியிலிருந்து துகு ரயில் நிலையத்துக்கு ஒரு காரில் கிளம்புகிறீர்கள். பெட்டி டிக்கியில் இருக்கிறது. வழியில் ஒரு மருந்துக் கடையில் இறங்கிக் காய்ச்சல் மாத்திரை வாங்க வேண்டும். நம் ஊராக இருந்தால், "அண்ணே, ஓரமா நிறுத்துங்க, ஒரு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து இறங்கிவிடுவோம். அந்த ஒரு நிமிஷம் பத்து நிமிஷம் என்பது அவருக்கும் தெரியும். இந்தோனேசியாவில் இதே வேலையை முடிப்பதும் கடினமில்லை. ஆனால் கைப்பேசியில் தேடி எடுத்த 'துங்கு' என்ற ஒரே சொல்லை வீசிவிட்டு இறங்கினால், திரும்பி வரும்போது கார் அங்கே இல்லாமல் இருக்க நியாயமான காரணங்கள் மூன்று நான்கு உண்டு.

'துங்கு' என்றால் 'காத்திரு'. அதைத் தனியாகச் சொன்னால் நாயை நிற்கச் சொல்வது போல இருக்கும். மரியாதையைக் கொண்டுவருவது வினைச்சொல் அல்ல. நம் 'இரு', 'இருங்க' போல வினையின் வாலில் மரியாதை ஏறுவது அந்த மொழியில் கிடையாது. சுற்றி நிற்கும் சின்னச் சொற்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றில் முதலாவது விளிச்சொல். நடுவயதைத் தாண்டிய ஆண் ஓட்டுநரை 'பாக்' என்பார்கள். தந்தையைக் குறிக்கும் 'பாபாக்' என்பதன் சுருக்கம் அது. கடைசி 'க்' தொண்டையிலேயே நின்றுவிடும், வெளியே வராது. இளைஞராக இருந்தால் ஜாவாவில் 'மாஸ்', ஜகார்த்தாவிலும் சுமத்ராவின் பல ஊர்களிலும் 'பாங்', பாலியில் 'ப்லி'. மூன்றும் அண்ணன்தான். ஓட்டுவது பெண் என்றால் 'பு' அல்லது, இளையவராகத் தெரிந்தால், 'ம்பாக்'. சந்தேகம் வந்தால் பாக் என்றே அழைக்கலாம். ஓட்டுநரும் ஆண் பயணியைப் பாக் என்றே திரும்ப அழைப்பார். பாடப்புத்தகங்கள் 'நீங்கள்' என்பதற்குச் சொல்லித்தரும் 'ஆண்டா' என்ற சொல்லை மட்டும் இங்கே விட்டுவிடுங்கள். அது விளம்பரத்திலும் படிவத்திலும் வாழும் சொல். எதிரே இருப்பவரிடம் சொன்னால் விலகி நின்று பேசுவது போலிருக்கும்.

அடுத்தது 'தோலோங்'. உதவி என்பது அதன் பொருள். வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் 'தயவுசெய்து' ஆகிவிடும். கடைசியில் வரும் 'யா', நம் 'சரியா?' என்பதன் வேலையைச் செய்கிறது. இவற்றைச் சேர்த்தால் "தோலோங் துங்கு செபெந்தார் யா, பாக்" என்று வரும். கொஞ்சம் காத்திருங்கள், சரியா ஐயா. இதை இன்னும் இளக்கிக் கேள்வியாக்கலாம்: "பீசா துங்கு செபெந்தார், பாக்?" காத்திருக்க முடியுமா என்று பொருள். பீசாவின் முதல் எழுத்தை 'பால்' என்பதில் வருவது போலச் சொல்லாமல், 'அம்பு' என்பதில் வரும் 'பு' போல அழுத்திச் சொல்ல வேண்டும். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மலாயில் 'பீசா' நஞ்சைக் குறிக்கும். இந்தோனேசியாவிலும் பாம்பின் விஷத்துக்கு அதே சொல் உண்டு, ஆனால் அன்றாடப் பேச்சில் அது 'முடியும்' என்பதுதான். அங்கே உங்களுக்குப் பழகிய 'செக்கெஜாப்' இங்கே செபெந்தார் ஆகிறது.

இவ்வளவும் பணிவுக்கு. ஓட்டுநர் உண்மையில் நிற்பதற்கு இன்னொன்று வேண்டும்: ஏன் இறங்குகிறீர்கள் என்பது. காரணம் தெரியாமல் ஒருவர் காரை விட்டு இறங்கிப் போனால், அவருடைய பயணம் அங்கேயே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் காரணத்தை முன்னால் வைக்கிறார்கள், அதன் வாலில் 'டுலு' என்ற சொல்லைச் சேர்க்கிறார்கள். "சாயா மௌ பெலி ஓபாத் டுலு" என்றால் 'நான் முதலில் மருந்து வாங்கிவிடுகிறேன்'. "சாயா கெ ஆ-தே-எம் டுலு" என்றால் 'ஏடிஎம் போய்விட்டு வருகிறேன்'. டுலுவுக்கு 'முன்பு', 'முதலில்' என்றெல்லாம் அகராதி பொருள் தரும். இந்த இடத்தில் அது சொல்வது, 'இது முடிந்ததும் நாம் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்' என்பது. நாம் 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்கிறோமே, அந்த 'வரேன்' செய்கிற வேலையை இந்த இரண்டெழுத்து செய்கிறது. டுலு இல்லாத வாக்கியமும் இலக்கணப்படி சரிதான். திரும்பி வருவேன் என்ற உறுதி மட்டும் அதில் இருக்காது.

இனி நேரம். செபெந்தார் 'சற்று நேரம்' மட்டுமே. மூன்று நிமிடமும் செபெந்தார், இருபது நிமிடமும் செபெந்தார். ஓட்டுநருக்குத் தேவை எண். "லீமா மெனித் சாஜா" என்றால் ஐந்தே நிமிடம்; "செபுலுஹ் மெனித்" என்றால் பத்து. என் கணிப்பில், நினைப்பதைவிட இரண்டு மடங்கு சொல்லிவிடுவது நல்லது. பத்து என்று சொல்லி ஆறில் வந்தால் அவர் முகம் மலரும். ஐந்து என்று சொல்லி ஒன்பதில் வந்தால், அந்த நாலு நிமிடமும் அவர் கடைவாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். 'நாந்தி' என்ற சொல்லைச் செபெந்தாருக்குப் பதிலாகப் போட்டுவிடக் கூடாது. அது 'அப்புறம்'. எத்தனை மணிக்கு அப்புறம் என்று யாருக்கும் தெரியாத அப்புறம்.

நாள் வாடகைக்குக் கார் எடுத்து, கோயிலையோ சந்தையையோ நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வரப்போகிறவர்கள் மணிக்கணக்கில் பேச வேண்டியிருக்கும். அங்கே இரண்டு கண்ணிகள். முதலாவது சொல் வரிசை. 'டுவா ஜாம்' என்றால் இரண்டு மணி நேரம். 'ஜாம் டுவா' என்றால் மணி இரண்டு. காலை 11 மணிக்கு இறங்கிக்கொண்டே இரண்டு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்ல நினைத்து வரிசையை மாற்றிவிட்டால், நீங்கள் 1 மணிக்கு வெளியே வரும்போது அவர் எங்கோ நிழலில் தூங்கிக்கொண்டிருப்பார். இரண்டாவது கண்ணி அரை மணி. 'செதெஙாஹ்' என்றால் பாதி, 'தீகா' என்றால் மூன்று. 'செதெஙாஹ் தீகா' என்று கேட்டதும் மூன்றரை என்று நம் மனம் கணக்குப் போட்டுவிடும். அது 2.30. மூன்றை நோக்கிப் பாதி வழி வந்துவிட்டது என்று எண்ணும் டச்சுக்காரர்களின் முறை அது. மூன்றரை சொல்ல வேண்டுமென்றால் 'செதெஙாஹ் அம்பாத்', நான்கை நோக்கிப் பாதி. இதில் தடுமாறுவது அவமானமில்லை. கைப்பேசியில் 14.30 என்று தட்டிக் காட்டிவிடலாம்.

இதுவரை எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டீர்கள், ஓட்டுநரும் நல்லவர், இருந்தும் அவரால் அதே இடத்தில் நிற்க முடியாமல் போகலாம். அதற்குக் காரணம் சாலையோரத்துப் பலகை. இந்தோனேசியாவின் 2009ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் வண்டி நிறுத்துவதை இரண்டாகப் பிரிக்கிறது. வண்டி சற்று நேரம் நிற்கிறது, ஓட்டுநரும் அதை விட்டுப் போயிருக்கிறார் என்றால் அது 'பார்க்கிர்'. வண்டி தற்காலிகமாக நிற்கிறது, ஓட்டுநர் விட்டுப் போகவில்லை என்றால் அது 'பெர்ஹெந்தி', வெறும் நிற்றல். இரண்டுக்கும் தனித்தனிப் பலகைகள். ஆங்கில 'பி' எழுத்தை அடித்திருந்தால் பார்க்கிங் கூடாது. 'எஸ்' எழுத்தை அடித்திருந்தால் நிற்கவே கூடாது. உங்களுக்கு இதனால் என்ன? பி பலகையின் கீழ் அவர் இருக்கையை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். வந்து பையைத் தூக்கவோ கடையில் மொழிபெயர்க்கவோ கூப்பிட்டால் தயங்குவார், அந்தத் தயக்கத்துக்குச் சட்டப்படியே காரணம் உண்டு. எஸ் பலகை என்றால் உங்களை இறக்கிவிட்டுக் கிளம்பியே ஆக வேண்டும். அப்போது அவர் சொல்வது, "சாயா முத்தெர் டுலு யா." ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன் என்று அர்த்தம். பாருங்கள், இங்கும் டுலு. அவரும் திரும்பி வருவார்.

சுற்றி வாருங்கள் என்று நீங்களாகச் சொல்ல விரும்பினால் 'முத்தெர்' என்றே சொல்லுங்கள். மலேசியாவில் பழகிய வாயில் 'பூசிங்' என்று வந்துவிடும். அங்கே அது திரும்புவது, சுற்றுவது. இந்தோனேசியாவில் பூசிங் என்றால் தலைச்சுற்றல், தலைவலி. மருந்துக் கடை வாசலில் இறங்கிக்கொண்டே இதைச் சொன்னால், பாவம் இவருக்கு உடம்பு சரியில்லை என்று இன்னும் அன்பாக உங்களைப் பார்ப்பார். வண்டி மட்டும் நகராது.

இன்னொரு பதில் "சாயா துங்கு டி டெபான்." நான் 'டெபானில்' காத்திருக்கிறேன். டெபான் என்றால் முன்பக்கம். கடைக்கு முன்னாலா, அல்லது சாலையில் இன்னும் கொஞ்சம் முன்னே போயா? இரண்டுக்கும் அதே சொல். வண்டியோட்டுகிறவர் பேச்சில் பெரும்பாலும் இரண்டாவது பொருள்தான்: போகும் திசையில் ஐம்பது, நூறு மீட்டர் தள்ளி. கடைவாசலில் நின்று கார் போய்விட்டதே என்று பதறுகிறவர்களில் பலர் இந்தச் சொல்லால் பதறுகிறவர்கள். உடனே "டி டெபான் மானா, பாக்?" என்று கேட்டுவிடுங்கள். மானா என்றால் எங்கே, எது. அவர் கையால் காட்டுவார், ஒரு அடையாளமும் சொல்வார். அந்த அடையாளம் எதிர்ச்சாரியில் என்றால் 'செபெராங்' என்ற சொல் காதில் விழும்.

காரின் பதிவெண்ணைப் படம் பிடித்துக்கொள்வதும் இங்கே சடங்கு இல்லை. வாடகைக்கு ஓடும் கார்களில் ஒரே சில மாடல்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும், அதிலும் வெள்ளை, சாம்பல் நிறங்களே அதிகம். எண்ணின் முதல் எழுத்துகள் ஊரைச் சொல்லும்: ஜகார்த்தாவுக்கு B, யோக்யகர்த்தாவுக்கு AB, பாலிக்கு DK. அதனால் அவை உதவாது. நடுவிலுள்ள எண்களை நினைவில் வையுங்கள். "நாந்தி வே-ஆ சாஜா" என்று ஓட்டுநர் சொன்னால், முடிந்ததும் வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பு என்கிறார். எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகலாம். பாஸ்போர்ட்டும் பணமும் இருக்கும் பையை எந்த நாட்டிலும் கையோடு எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அது அவரை நம்பாததால் அல்ல, கண்ணாடி வழியே தெருவுக்குத் தெரியும் என்பதால்.

அடுத்தது காசு. இதில்தான் மனக்கசப்பு வரும், இதற்குத்தான் மொழி அதிகம் தேவையில்லை. வண்டி எந்த வகை என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீட்டர் டாக்ஸி என்றால் கவலையே வேண்டாம். மீட்டரை அங்கே 'ஆர்கோ' என்பார்கள். நிற்கும் நேரத்துக்கும் அது ஓடும், அதற்கான கட்டணத்தைத் தான் வாங்கிவிடுவோம் என்று ஓட்டுநருக்குத் தெரியும். அதனால் காத்திருக்க அவர் தயங்குவது குறைவு. "ஆர்கோஞா ஜாலான் தெருஸ் யா, பாக்" என்று நீங்களே சொன்னால், மீட்டர் ஓடட்டும், நான் தருகிறேன் என்று ஆகிறது. நாள் வாடகைக் காரில் காத்திருத்தல் ஏற்கெனவே விலையில் சேர்ந்திருக்கிறது. அங்கே கேட்க வேண்டியது, பேசிய மணிகளைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்பது மட்டும்.

சிக்கல் செயலி வழியே கூப்பிட்ட கார்களிலும் பைக்குகளிலும். கோஜெக், கிராப் போன்றவற்றில் ஏறும் முன்பே கட்டணம் தீர்மானமாகிவிடுகிறது. நீங்கள் மருந்துக் கடையில் நிற்கும் பத்து நிமிடம் ஓட்டுநரின் கையிலிருந்து போகும் நேரம். அந்த நேரத்தில் அவர் இன்னொரு குறும்பயணத்தைத் தொடங்கியிருக்கலாம். செயலியில் இடையே ஒரு நிறுத்தத்தைச் சேர்க்க வழி இருந்தால் கூப்பிடும்போதே சேர்த்துவிடுவதுதான் நேர்மை. பாதி வழியில் நினைவு வந்தால் இறங்கும் முன்னே சொல்லிவிட வேண்டும்: "நாந்தி சாயா தம்பாஹ், பாக்." அப்புறம் கூட்டித் தருகிறேன். மருந்துக் கடைக்கு நின்றதற்கு 10,000 ரூபியா கொடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நம் பணத்தில் ஏறக்குறைய ஐம்பது ரூபாய். இந்த வாக்கியத்தைத் திரும்பி வந்த பிறகு சொல்வதற்கும் இறங்கும்போது சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முன்னே சொன்னால் அவர் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு பொருள் கிடைக்கிறது. பேரம் பேச விரும்புகிறவர்கள் "ஓங்கோஸ் துங்குஞா பெராபா?" என்று கேட்கலாம், காத்திருப்புக் கூலி எவ்வளவு என்று. என்னைக் கேட்டால், பத்து நிமிட வேலைக்கு அந்தக் கேள்வி அதிகம்.

கடைவாசலில் இன்னொருவரும் இருப்பார். சங்கிலிக் கடைகள், ஏடிஎம், மருந்துக் கடை எங்கும் ஊதலோடு நிற்கும் 'துகாங் பார்க்கிர்'. கார் வரும்போது எங்கோ இருப்பார், கிளம்பும்போது சரியாகப் பின்னால் நின்று கைகாட்டுவார். சில கடைகளின் சுவரில் பார்க்கிங் இலவசம் என்றே எழுதியிருக்கும், அதன் கீழேயே அவர் நிற்பார். பைக்குக்கு 2,000 ரூபியா என்பது வழக்கமான தொகை, காருக்குக் கொஞ்சம் கூடும். நிறுத்தச் சொன்னது நீங்கள் என்பதால் அதைக் கொடுப்பதும் நீங்கள்தான். சில்லறையை முன்கூட்டி ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு இறங்கினால் அவருக்கும் ஒரு தர்மசங்கடம் குறையும்.

மருந்துக் கடைக் காட்சிக்கே திரும்புவோம். புறப்பட்டதுமே சொல்லிவிடுவதுதான் முறை. பயணி: "பாக், நாந்தி மாம்பிர் செபெந்தார் கெ அப்போதெக் யா." போகும் வழியில் மருந்துக் கடையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவோம். 'மாம்பிர்' என்ற இந்தச் சொல், வழியில் ஓர் இடத்தில் சற்றே நிற்பதற்கென்றே இருக்கிறது. ஓட்டுநர்: "அப்போதெக் மானா, பாக்?" எந்தக் கடை என்று கேட்கிறார். "மானா சாஜா." எதுவானாலும் சரி. இதற்கு ஒரு பலன் உண்டு: எங்கே நிறுத்த வசதியோ அந்தக் கடையை அவரே தேர்ந்தெடுப்பார், எஸ் பலகைத் தொல்லை பாதி தீர்ந்துவிடும். கடை வந்ததும் பயணி: "சாயா பெலி ஓபாத் டுலு. தோலோங் துங்கு யா, பாக், செபுலுஹ் மெனித். நாந்தி சாயா தம்பாஹ்." காரணம், வேண்டுகோள், நேரம், காசு, நான்கும் ஒரே மூச்சில். ஓட்டுநர்: "சியாப். சாயா டி டெபான் யா." பயணி: "டி டெபான் மானா?" கை நீள்கிறது: அதோ அந்தச் சங்கிலிக் கடைக்குப் பக்கத்தில். எட்டாவது நிமிடம் பயணி அங்கே நடந்து போய், "மாஆஃப் யா, பாக், லாமா" என்கிறார், மன்னியுங்கள், நேரமாகிவிட்டது. "ங்காக் அபா-அபா." பரவாயில்லை.

அவர் சொன்ன 'சியாப்' என்பது 'தயார்'. ஓட்டுநர்கள் வாயில் அது உறுதியான ஒப்புதல். வெறும் 'ஈயா' ஒப்புதலாகவும் இருக்கலாம், நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதாகவும் இருக்கலாம். 'ஜாஙான் லாமா-லாமா யா' என்றால் ரொம்ப நேரம் எடுக்காதீர்கள். (நாம் அகரவரிசையில் ஒப்பித்துவிட்டு மறந்துவிடும் ஙா, இந்த மொழியில் எல்லா இடத்திலும் உயிரோடு இருக்கிறது.) கவனிக்க வேண்டியது இழுவையாக வரும் "ஆடூஹ், கிமானா யா..." என்பது. 'எப்படிச் செய்யறது...' என்று இழுத்தால் அது மறுப்பு. முடியாது என்று நேராகச் சொல்வது பண்பில்லை என்பதால் அங்கே மறுப்பு இப்படித்தான் வரும். அப்போது அழுத்தக் கூடாது. அங்கேயே கணக்கை முடித்து இறங்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் வேறு வண்டி கூப்பிடுங்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகலை ஒட்டி இந்த இழுவை அதிகம் கேட்கும். ஓட்டுநர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிறது என்பதை அவர்களாகச் சொல்லக் கூச்சப்படுவார்கள். "பாபாக் மௌ ஜும்ஆத்தான் டுலு?" என்று நீங்களே கேட்டுவிட்டு, அவர் பள்ளிவாசலுக்குப் போய்வரும் முக்கால் மணி நேரத்தில் உங்கள் வேலையை முடித்துக்கொண்டால், யாருக்கும் காத்திருப்புக் கூலி கிடையாது.

மேதான் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு சேர்க்கை. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் கம்போங் மத்ராஸ் இருக்கும் ஊர் அது, பக்கவண்டி பூட்டிய மோட்டார் ரிக்‌ஷாவான 'பெத்தோர்' ஓடும் ஊர். நாடு முழுவதும் 'கெரேத்தா' என்றால் ரயில். மேதானில் அது மோட்டார் சைக்கிள். நாடு முழுவதும் 'பாஜாக்' வரி, மேதானில் சந்தை. "கெரேத்தாவைப் பாஜாக் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன்" என்று ஓட்டுநர் சொன்னால், ரயிலையும் வரி அலுவலகத்தையும் தேட வேண்டாம். காய்கறிக் கூடைகள் இருக்கும் பக்கமாகப் போனால் போதும்.